எளிய சுருக்கத்தின் முதல் வாக்கியம்

சித்தூர் மிஷன் காம்பவுண்டிலுள்ள தேவாலயத்தில் ஆராதனை முடிந்தபின் அறிவிப்புகளை வாசிக்கும் பொறுப்பு தியோடருக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் கூட்டம், அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை சேர்ப்பது என்று செயலாளர் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தால், பின்வரிசையினர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே அவர் ஒவ்வொன்றையும் சனிக்கிழமையே திருத்தி எழுதினார். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, எங்கே, எப்போது என்பது முதலில், காரணம் கடைசியில். சபையார் நின்று கேட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்த மனிதருக்கு அந்தச் சபை கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

கல்லூரி விரிவுரையாளர் வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போன பின்னர், திருப்பதியில் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்றில் களப்பணி ஒருங்கிணைப்பாளராகத் தற்காலிகமாகச் சேர்ந்தார். அந்தத் ‘தற்காலிகம்’ இருபது ஆண்டுகளாக நீண்டது. ஒரு திட்டம் முடியும். அடுத்ததற்கு நிதி வரும்வரை வீட்டில் இருப்பார். வந்தால் மறுபடி சித்தூர்-திருப்பதி பஸ். விஞ்ஞானிகள் எழுதுவதை மற்றவர்கள் படிக்கும்படி எழுதித் தருபவர் என்று அவருக்கு அங்கே ஒரு பெயர் நிலைத்திருந்தது. நிதி தரும் அமைப்புகள் ஒவ்வொரு திட்டத்துக்கும் அறிவியல் அறிக்கையோடு, சாதாரண வாசகர்களுக்காக ஒரு பக்கச் சுருக்கத்தையும் கேட்கும். ஆபீசில் அதை ‘லே சம்மரி’ என்பார்கள். ஏன் செய்தோம், என்ன செய்தோம், என்ன தெரிந்தது, அதனால் மக்களுக்கு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கு முந்நூறு சொற்களுக்குள் விடை சொல்ல வேண்டும். மருத்துவச் சொல் வந்தால் அங்கேயே விளக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று சுருக்கங்களாவது அவர் கையிலிருந்து போகும்.

கடைசியாக அவர் வேலை பார்த்த திட்டம் சிறுநீரக நோய் பற்றியது. பிச்சாட்டூர், ஏர்பேடு பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத கூலியாட்களுக்குக்கூடச் சிறுநீரகம் பழுதாகிறது. காரணம் தெரியவில்லை. போர்வெல் தண்ணீராக இருக்கலாம் என்று பலர் நம்பினார்கள். அதைச் சோதிக்க, மண்டல அலுவலகத்தில் எல்லார் கண்ணெதிரிலும் சீட்டுக் குலுக்கி, பாதி ஊர்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட் வைத்தார்கள். மீதி ஊர்கள் பழைய போர்வெல்லிலேயே குடித்தன. மூன்று ஆண்டுகள், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. பலன் தெரிந்தால் மீதி ஊர்களுக்கும் பிளாண்ட் வரும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் தியோடர்தான்.

பலன் தெரியவில்லை.

முடிவுகள் வந்த அன்று திட்டத்தின் தலைவர் டாக்டர் மோகனப்ரியா அவரைத் தம் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலூர்க்காரர், தியோடரைவிடப் பத்து வயதாவது இளையவர், அவர் கோபப்பட்டுத் தியோடர் பார்த்ததில்லை.

“பிளாண்ட் வெச்ச ஊரு, வைக்காத ஊரு, ரெண்டும் ஒண்ணுதான் சார். கிட்னி கெட்டுப்போற வேகம் எள்ளளவும் மாறலை.”

“பிளாண்ட் வெச்சும் இல்லையா மேடம்?”

“வெச்சும் இல்லை. ஆனா ஒண்ணு இருக்கு.” கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். “நாப்பது வயசுக்குக் கீழ இருக்கிற பொம்பளைங்களை மட்டும் பிரிச்சுப் பார்த்தா, பிளாண்ட் ஊர்ல கொஞ்சம் மெதுவா கெட்டுப்போகுது.”

திரையில் இருந்த வரைபடத்தில் இரண்டு கோடுகள் சற்று விலகி ஓடுவதைத் தியோடர் பார்த்தார். வேறு பிரிவுகளின் கோடுகளும் பக்கத்தில் இருந்தன. வயது, தொழில், புகைப்பழக்கம், உயரம் என்று பலவிதமாக வெட்டிப் பார்த்திருந்தார்கள். மற்றவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“இதை முதல்லயே தேடணும்னு எழுதி வெச்சிருந்தோமா மேடம்?”

“இல்லை. அப்புறமாத்தான் பார்த்தோம். இத்தனை விதமா வெட்டினா ஒண்ணு தற்செயலா இப்படி வரும், எனக்குத் தெரியும். அறிவியல் அறிக்கையில அப்படியே எழுதியிருக்கேன்.” திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஆனா ரெண்டாம் கட்டத்துக்குப் பணம் தர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ற குழுவில பாதிப்பேர் விஞ்ஞானி இல்லை. அவங்க அந்த அறிக்கையைப் படிக்க மாட்டாங்க. நீங்க எழுதுறதைத்தான் படிப்பாங்க. பொய் எழுதச் சொல்லலை. எதை முதல்ல சொல்றதுங்கிறதுதான்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. தியோடரால் மறுக்கவும் முடியவில்லை. இரண்டாம் கட்டம் வந்தால் தண்ணீரை விட்டுவிட்டு வெயில், பூச்சிமருந்து என்று அடுத்த காரணங்களைத் தேடலாம். ஆண்டுதோறும் நடக்கும் ரத்தப் பரிசோதனையும் நின்றுபோகாது. வராவிட்டால் அடுத்த மார்ச்சோடு கடை கட்ட வேண்டியதுதான். வண்டி ஓட்டி, ரத்தம் சேகரித்து, தெலுங்குப் பிரதிகளையும் எழுதும் பவன்குமாருக்குப் போன தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு திட்டம் தம்மைத் தேடி வரும் என்று தியோடருக்கு நம்பிக்கை இல்லை.

அன்று மாலையே எழுதிவிட்டார். முதல் வாக்கியம் இப்படி அமைந்தது: “சுத்தமான குடிநீர் கிடைத்த ஊர்களில், நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களின் சிறுநீரகம் மற்ற ஊர்ப் பெண்களைவிட மெதுவாகவே பழுதடைந்தது.” நான்காம் பத்தியில், “ஆய்வில் கலந்துகொண்ட எல்லாரையும் சேர்த்துப் பார்க்கும்போது, இரு பிரிவு ஊர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை” என்று எழுதினார். இரண்டும் உண்மை. சொற்கள் எளியவை. இருபது ஆண்டுகளில் அவர் எழுதியவற்றிலேயே இதுதான் மிக நேர்த்தியானது என்றுகூடத் தோன்றியது.

வழக்கம்போல் வீட்டில் மனைவி கேசியாவிடம் உரக்க வாசித்துக் காட்டினார். அவள் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். துணி மடித்துக்கொண்டே கேட்பாள். எந்த இடத்தில் மடிப்பது நிற்கிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை என்று பொருள். அன்று அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“நல்லாக்கிது. போன தபா எழுதினது நம்ம சர்ச் ஐயர் ஜெபம் மாதிரி முடியவே மாட்டேன்னுச்சு. இது சுருக்கா இருக்குது.”

“புரிஞ்சுதா?”

“தண்ணி நல்ல தண்ணி, பொம்பளைங்களுக்கு நல்லதுன்னு புரிஞ்சுது. இன்னும் இன்னா?”

அவள் சொன்னதில் ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. சட்டைகளை அலமாரியில் வைக்கப் போனவளை நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சுருக்கத்தை அனுப்புமுன் இன்னொரு வேலை பாக்கியிருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சிலருக்கு அதை வாசித்துக் காட்டி, புரிந்ததை அவர்கள் சொல்லாலேயே திருப்பிச் சொல்லவைத்து, அதனால் என்ன திருத்தினோம் என்று ஒரு குறிப்பை இணைக்க வேண்டும் என்பது நிதி அமைப்பின் விதி. ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் தெரியும். பல மையங்களில் இந்தக் குறிப்பை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார்கள். தியோடர் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை.

பவன்குமாரின் ஜீப்பில் பிச்சாட்டூர் தாண்டி, தமிழ் பேசும் ஒரு ஊருக்குப் போனார்கள். அது பிளாண்ட் வைக்காத ஊர். அங்கன்வாடி வராந்தாவில் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். ரேஷன் கடை சிட்டிபாபு வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“எடுத்துக்கோ சார். மூணு வருசமா என் ரத்தத்தைத் துன்னு துன்னு நீ எனக்குப் பங்காளியாவே ஆயிட்டே.”

“இன்னைக்கு ரத்தம் கிடையாதுப்பா. காது மட்டும் குடுத்தாப் போதும்.”

“அதுக்கு எங்கூட்டுக்காரியை இட்டாந்திருப்பேனே. எனக்குத்தான் காதே இல்லேன்னு சொல்லிக்கினு கீறா.”

எல்லாரும் சிரித்தார்கள். தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த செங்கமலமும் லேசாகச் சிரித்தாள். முப்பத்தெட்டு வயது. அவள் கணவன் வேங்கடாசலம் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லாரிக்குச் சுமை ஏற்றியவன். ஆய்வின் இரண்டாம் ஆண்டில் அவன் முகம் வீங்கியது. திருப்பதிக்கு டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் போய் வந்தான். போன மழைக்காலத்தில் இறந்துபோனான். ஆய்வு ஏட்டில் அவன் பெயருக்கு எதிரே தேதியை எழுதியவர் தியோடர்.

அவர் நிதானமாக வாசித்தார். முடித்ததும், “இப்போ நீங்க சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?” என்றார்.

சிட்டிபாபு முந்திக்கொண்டான். “பிளாண்ட் தண்ணி குடிச்சா கிட்னிக்கு ஒண்ணும் ஆவாது. அவ்ளோதான?”

“கடைசியில வேற ஒண்ணும் வாசிச்சேனே?”

“அது இன்னாவோ கணக்கு சார். அது உங்களுக்கு.”

தியோடர் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நாப்பதுக்குக் கீழ பொம்பளைங்கன்னா நானும்தானே சார்?”

“ஆமாம்மா.”

“அப்போ அன்னிக்குச் சீட்டுல எங்க ஊரு பேரு வந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். எனக்கே அப்படின்னா, அதுக்கும் கம்மி வயசுப் பொண்ணுங்களுக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கும்.” சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: “எங்க செல்லியம்மா அக்கா ஊர்ல பிளாண்ட் வெச்சிருக்கீங்க. எம்பொண்ணு சுஷ்மிதாவை இந்த ஞாயித்துக்கெழமையே அங்க கொண்டுபோய் உட்டுடறேன். காலேஜு போனாப் போவுது. பாழாப்போன இந்தத் தண்ணியை அவளாவது குடிக்காம இருக்கட்டும்.”

பவன்குமார் வெளியே ஜீப்பைப் பார்த்தபடி நின்றான்.

“சார், தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், கோச்சுக்காதீங்க,” என்றாள் அவள். “தண்ணியாலதான்னு உங்களுக்கு எப்போ தெரியும்? அவரு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தப்பவே தெரியுமா? அப்பக்கூட வந்து ரத்தம் எடுத்துக்கினு போனீங்களே.”

தியோடரின் கையில் இருந்த தாளில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பெண் அதிலிருந்து, தன் கணவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒன்றை இவர்கள் தெரிந்தே தராமல் இருந்தார்கள் என்று புரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய புத்தியில் குறை இல்லை. எது முதலில் வருகிறதோ அதுதான் செய்தி. தேவாலயத்து மேடையிலிருந்து அவர் முப்பது ஆண்டுகளாகச் சபையாருக்குப் பழக்கியிருந்ததும் அதுதான்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வராந்தாத் தரையில் இறங்கி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“செங்கமலம்மா, நான் வரிசையை மாத்தி எழுதிட்டேன். இப்போ சரியாச் சொல்றேன். பிளாண்ட் வெச்ச ஊர்லயும் கிட்னி இதே அளவுக்குத்தான் கெட்டுப்போச்சு. உங்க அக்கா ஊர்லயும் இதே கதைதான். தண்ணி மாத்தினதால ஒரு பலனும் தெரியலை.”

“பொம்பளைங்களுக்குன்னு வாசிச்சீங்களே?”

“புளியங்கொட்டையைக் கைநிறைய அள்ளிப் பல தடவை வீசினா, ஒரு தடவை எல்லாம் ஒரே பக்கம் விழுற மாதிரி இருக்கும் இல்லையா? கொட்டையில ஒண்ணும் கிடையாது. அது அப்படி இருக்கலாம். இல்லே, உண்மையாவும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. இதை நம்பிப் பொண்ணைக் காலேஜ்ல இருந்து நிறுத்தாதீங்க.”

“அப்போ தண்ணியால இல்லையா?”

“இந்தத் தண்ணியை மாத்தியும் கிட்னி கெட்டுப்போறது நிக்கலை. அவ்வளவுதான் தெரியும்.”

“வேற எதால?”

“தெரியலைம்மா.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்,” என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தியோடருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் நாராயணவனம் தாண்டியதும் பவன்குமார் மெதுவாகக் கேட்டான். “தெலுங்குலயும் மாத்தணுமா சார்?”

“மாத்தணும்ப்பா.”

“சரே சார்,” என்றான். கியரை மாற்றினான்.

புதிய பிரதியின் முதல் வாக்கியம்: “சுத்திகரித்த குடிநீர் கொடுத்தும், சிறுநீரகம் பழுதடையும் வேகம் குறையவில்லை.” இளவயதுப் பெண்களைப் பற்றிய செய்தி கீழே இறங்கி, “இது தற்செயலாக இருக்கலாம், இதைக் கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது” என்ற எச்சரிக்கையோடு நின்றது. காரணம் இன்னும் தெரியவில்லை என்பதற்கு ஒரு தனி வாக்கியம். இணைப்புக் குறிப்பில், முதல் பிரதியைக் கேட்டவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதையும், ஒரு தாய் தன் மகளின் படிப்பை நிறுத்தத் துணிந்ததையும், பெயர் சொல்லாமல் அப்படியே எழுதினார்.

மோகனப்ரியா இரண்டையும் படித்தார். குறிப்பை இரண்டாம் முறையும் படித்தார்.

“இந்தக் குறிப்பை எடுத்துட்டுப் பழைய பிரதியையே அனுப்பலாம், தெரியும் இல்லையா? யாரும் கேக்க மாட்டாங்க.”

“தெரியும் மேடம்.”

“இதை அனுப்பினா ரெண்டாம் கட்டம் வராது. காரணத்தைத் தேடுறதும் நின்னுபோயிடும். அந்த அம்மாவுக்கு அதனால இன்னா லாபம்?”

வழியெல்லாம் தியோடரும் அதையே கேட்டுக்கொண்டு வந்திருந்தார். “அனுப்புறதையேதான் ஊர்லயும் போய் வாசிக்கணும் மேடம். பழைய பிரதியை என்னால அங்க வாசிக்க முடியாது,” என்றார்.

மோகனப்ரியா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகம் அப்போது மிகவும் களைத்துத் தெரிந்தது. மறுநாள் புதிய பிரதியும் குறிப்பும் போயின.

பதில் வெயில் ஏறும் காலத்தில் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு நிதி இல்லை. காரணங்கள் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தன. எல்லாவற்றின் சாரமும், பலன் தெரியாத ஒன்றைத் தொடர்வதில் பொருள் இல்லை என்பதுதான். கடைசியில், விஞ்ஞானிகள் அல்லாத உறுப்பினர்கள் எழுதியிருந்த ஒரு வரி: சுருக்கம் மிகத் தெளிவாக இருந்தது. மோகனப்ரியா அந்த வரியின் மேல் விரல் வைத்து அவருக்குக் காட்டினார். இருவரும் சிரிக்கவில்லை.

திட்டத்தின் கடைசி வேலையாக, முடிவுகளை ஊர்களில் வாசித்துக் காட்டி, தாளை ஒட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. அந்த ஊருக்குத் தியோடர் பஸ்ஸில்தான் போனார். ஜீப்பை மையம் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. பவன்குமார் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். வராந்தாவில் இம்முறை கூட்டம் குறைவு. சிட்டிபாபு வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, “பிளாண்ட் வராதுன்றதைத்தான் இவ்ளோ தூரம் பஸ் புடிச்சு வந்து சொல்றியா பங்காளி,” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

செங்கமலம் கடைசிவரை இருந்தாள். மகள் காலேஜுக்குப் போவதாகச் சொன்னாள். எங்கே ஒட்டுவது என்று அவர் சுவரைத் தேடியபோது, தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி முதல் வாக்கியத்தைப் படித்தாள். கணவனின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கும் மஞ்சள் பையில் அதை வைத்தாள்.

“என் ரத்தத்துலயும் கிட்னி உப்பு கொஞ்சம் ஏறியிருக்குதுன்னு போன தபா பவன் சொன்னான்,” என்றாள். “அடுத்த வருசம் பார்க்க யாரு வருவாங்க சார்?”

அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி அவர் சொல்ல நினைத்தார்; பிச்சாட்டூரில் அந்தப் பரிசோதனை கிடைக்குமா என்று யோசித்தார்; திருப்பதி போக ஒரு நாள் கூலி போய்விடும் என்பதையும் யோசித்தார். அதையெல்லாம் பிறகு சொன்னார், அவளுடைய தாளின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னார்.

“யாரும் வர மாட்டாங்கம்மா.”

அவள் தலையாட்டினாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கவில்லை. தண்ணீர் விடும் நேரமாகிவிட்டதென்று எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு போர்வெல் பக்கம் நடந்தாள். இன்னொரு தாளை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, தியோடர் புத்தூர் பஸ்ஸுக்காகச் சாலைக்கு வந்தார்.